ரயிலில் ஒரு முழுச் சுற்று: சர்குலர் ஜர்னி டிக்கெட்டின் கட்டணக் கணக்கும் செல்லுபடி நாட்களும்

சென்னையில் கிளம்பி ஹௌரா, கயா, காசி, டெல்லி, ஆக்ரா, மும்பை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி சென்னைக்கே வருவதாக வைத்துக்கொள்வோம். நம்மில் பெரும்பாலோர் ஐஆர்சிடிசி-யில் உட்கார்ந்து ஏழு தனித்தனி டிக்கெட் எடுப்போம். இதே பயணத்துக்கு இந்திய ரயில்வேயில் ஒரே டிக்கெட் உண்டு. சர்குலர் ஜர்னி டிக்கெட், அதாவது சுற்றுப் பயணச் சீட்டு என்று அதற்குப் பெயர். பல ஆண்டுகளாக இருக்கும் வசதிதான். ஆனால் இணையதளத்தில் வாங்க முடியாது, கவுன்டருக்குத்தான் போக வேண்டும் என்பதால் புழக்கத்தில் குறைந்துவிட்டது. முன்பதிவுக் கவுன்டரில் கேட்டால்கூட, "சார், இதுக்கு டிவிஷன் ஆபீஸ்ல பேப்பர் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இந்த டிக்கெட்டின் இலக்கணம் சின்னது. பயணம் எந்த நிலையத்தில் தொடங்குகிறதோ அதே நிலையத்தில் முடிய வேண்டும். வழக்கமான நேர்வழியில் போய் அதே வழியில் திரும்புவதாக இருக்கக் கூடாது. நடுவில் அதிகபட்சம் 8 இடங்களில் இறங்கித் தங்கலாம். எல்லா வகுப்புகளுக்கும் கிடைக்கும். கட்டணம் போடுவதற்கு ஒரே விதிதான்: சுற்றின் மொத்த தூரத்தை இரண்டாக வகுத்து, அந்தப் பாதி தூரத்துக்கு ஒரு ஒற்றைவழி டிக்கெட் என்ன விலையோ அதைப்போல இரண்டு மடங்கு. எப்போது லாபம், எப்போது வீண் அலைச்சல் என்ற இரண்டுக்கும் விடை இந்த விதியிலேயே இருக்கிறது.

கட்டணம் எங்கே குறைகிறது

ரயில் கட்டணம் தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான விலை குறையும்படி அமைந்தது. மூட்டையாக வாங்கினால் அரிசியின் கிலோ விலை குறைவதைப்போல. ரயில்வே மொழியில் இதை டெலஸ்கோபிக் கட்டணம் என்பார்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு விலை அதிகம், அடுத்ததற்குக் கொஞ்சம் குறைவு, போகப்போக இன்னும் குறைவு. தனித்தனி டிக்கெட் எடுக்கும்போது ஒவ்வொரு டிக்கெட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அதாவது அந்த விலை அதிகமான முதல் கிலோமீட்டர்களுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகப் பணம் கட்டுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். உண்மையான கட்டண அட்டவணை அவ்வப்போது மாறுவதால், இங்கே புரிதலுக்காக ஒரு கற்பனை விகிதத்தை வைத்துக்கொள்கிறேன்: முதல் 500 கி.மீ.க்கு கிலோமீட்டருக்கு 60 காசு, அடுத்த 500-க்கு 50 காசு, அடுத்த 1,000-க்கு 40 காசு, 2,000-க்கு மேல் 30 காசு. தூரங்கள் மட்டும் ஏறத்தாழ உண்மையானவை. ஸ்லீப்பர் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம்.

| பயணம் | தூரம் (கி.மீ.) | தனி டிக்கெட் (ரூ.) |
|---|---|---|
| சென்னை – ஹௌரா | 1,660 | 814 |
| ஹௌரா – கயா | 460 | 276 |
| கயா – வாரணாசி | 220 | 132 |
| வாரணாசி – புது டெல்லி | 760 | 430 |
| புது டெல்லி – ஆக்ரா | 195 | 120 |
| ஆக்ரா – மும்பை | 1,345 | 688 |
| மும்பை – சென்னை | 1,280 | 662 |
| மொத்தம் | 5,920 | 3,122 |

டெல்லி – ஆக்ரா வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 195 கி.மீ.க்கு 60 காசு வீதம் 117 ரூபாய்தான் வர வேண்டும். ஆனால் ஸ்லீப்பரில் எவ்வளவு குறைந்த தூரம் போனாலும் 200 கி.மீ.க்கான கட்டணம் வாங்குவார்கள். மூன்றடுக்கு ஏசி, இரண்டடுக்கு ஏசி வகுப்புகளில் அந்தக் குறைந்தபட்ச தூரம் 300 கி.மீ. ஆக, ஏசியில் போகிறவருக்கு கயா – வாரணாசி, டெல்லி – ஆக்ரா ஆகிய இரண்டு துண்டுமே 300 கி.மீ. விலைக்கு வந்துவிடும்.

இப்போது சர்குலர் கணக்கு. மொத்தம் 5,920 கி.மீ., பாதி 2,960. முதல் 500-க்கு 300 ரூபாய், அடுத்த 500-க்கு 250, அடுத்த 1,000-க்கு 400, மீதி 960 கி.மீ.க்கு 30 காசு வீதம் 288. ஆக 1,238 ரூபாய். இரண்டு மடங்கு 2,476. தனித்தனியாக எடுத்தால் 3,122. மிச்சம் 646 ரூபாய், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? ஏழு டிக்கெட்டாக எடுத்தபோது 60 காசு விலையில் 2,880 கி.மீ. வாங்கினோம். சர்குலர் டிக்கெட்டில் அந்த விலையில் வாங்குவது 1,000 கி.மீ. மட்டும், ஒவ்வொரு பாதிக்கும் 500. மீதி எல்லாம் குறைந்த விலைப் படிகளுக்கு இறங்கிவிட்டது. குறைந்தபட்ச தூரம் என்ற பிடுங்கலும் இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கூடுதல் கட்டணமும் இந்தச் சலுகைக்குள் வராது. ஸ்லீப்பரில் முன்பதிவுக்கு 20 ரூபாய், சூப்பர்ஃபாஸ்ட் வண்டி என்றால் மேலும் 30 ரூபாய் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகக் கட்டத்தான் வேண்டும். ஏழு கட்டமும் சூப்பர்ஃபாஸ்ட் என்றால் 350 ரூபாய் ஆகும். இது இரண்டு முறையிலும் ஒன்றுதான் என்பதால் மிச்சத்தின் அளவு மாறாது, விழுக்காடுதான் சற்றுக் குறையும். ஏசி வகுப்புகளுக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டியும் உண்டு.

வெறுமனே போய்த் திரும்பினால் ஏன் ஒன்றும் குறையாது

"இப்படி ஒரு சலுகை இருக்கும்போது, சென்னையிலிருந்து டெல்லி போய்த் திரும்புகிறவனுக்கு ஏன் இல்லை?" என்று கேட்பார்கள். மேலே சொன்ன விதியைப் பொருத்திப் பார்த்தால் விடை உடனே கிடைக்கும். போக 2,180, வர 2,180. மொத்தத்தில் பாதி 2,180. அதற்கான ஒற்றைவழிக் கட்டணத்தின் இரண்டு மடங்கு என்பது, தனியாக எடுக்கும் இரண்டு டிக்கெட்டின் விலையேதான். குறைக்க அதில் எதுவும் இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லலாம். பயணத்தில் இரண்டே இரண்டு கட்டம் இருந்தால், குறைந்தபட்ச தூர விதி குறுக்கிடாதவரை சர்குலர் கணக்கு மலிவாக வராது. சில சமயம் அதிகமாகவே வரும். நேர்வழியில் 600 கி.மீ. போய், வேறு சுற்றுவழியில் 1,400 கி.மீ. திரும்புவதாக வையுங்கள். நம் கற்பனை விகிதத்தில் தனித்தனியாக 350 + 710 = 1,060 ரூபாய். சர்குலர் கணக்கில் 1,000 கி.மீ.க்கு 550, இரண்டு மடங்கு 1,100. நாற்பது ரூபாய் கூடுதல்! நீண்ட டிக்கெட் ஒன்றில் கிடைக்கும் மலிவு விலைப் படியை, சரிபாதியாக வெட்டும்போது இழந்துவிடுகிறோம்.

கட்டங்கள் மூன்றாகவோ அதற்கு மேலாகவோ ஆகும்போதுதான் லாபம் தொடங்குகிறது. அதுவும் சின்னச் சுற்றாக இருந்தால் சில்லறைதான். 400 கி.மீ. வீதம் மூன்று கட்டம், மொத்தம் 1,200 என்றால் தனித்தனியாக 720 ரூபாய், சர்குலரில் 700. இருபது ரூபாய்க்காக யாரும் கோட்ட அலுவலகப் படி ஏற மாட்டார்கள். என் கணிப்பில், மொத்தம் 3,000 கி.மீ.க்குக் குறைவாகவோ இறங்கும் இடங்கள் மூன்றுக்குக் குறைவாகவோ இருந்தால் இந்த டிக்கெட்டை மறந்துவிடலாம்.

புறநகர் ரயிலில் எடுக்கும் ரிட்டர்ன் டிக்கெட்டும் அப்படித்தான். இரண்டாவது முறை வரிசையில் நிற்கத் தேவையில்லை என்ற வசதியைத் தவிர, விலை இரட்டிப்புதான்.

நீண்டதூரப் போக-வரப் பயணத்துக்கு ரயில்வே உண்மையிலேயே தள்ளுபடி கொடுத்த சமீபத்திய நிகழ்வு 2025 தீபாவளிக் காலத்தில் நடந்தது. ரவுண்ட் டிரிப் பேக்கேஜ் என்று சோதனை முயற்சியாக அறிவித்தார்கள். போகும் பயணம் அக்டோபர் 13 முதல் 26-க்குள், திரும்பும் பயணம் நவம்பர் 17 முதல் டிசம்பர் 1-க்குள் இருந்தால், திரும்பும் டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி. திரும்பும் பாதிக்கு மட்டும் என்பதால் மொத்தத்தில் பார்த்தால் இது 10 விழுக்காடு அளவுதான். அதற்குள் போட்ட நிபந்தனைகளைப் பாருங்கள்: இரண்டு பயணத்திலும் அதே ஆட்கள், அதே வகுப்பு, அதே இரண்டு ஊர்கள். இரண்டு டிக்கெட்டும் உறுதியானதாக இருக்க வேண்டும், காத்திருப்புப் பட்டியலுக்குக் கிடையாது. வேறு எந்தச் சலுகையும் சேராது. தேதியோ வண்டியோ மாற்ற முடியாது, ரத்து செய்தால் பணம் திரும்ப வராது. திரும்பும் டிக்கெட்டுக்கு முன்பதிவுக் கால வரம்பு இல்லை என்பது மட்டும் நல்ல விஷயம். இரண்டு தனி டிக்கெட் எடுப்பவருக்கு இருக்கும் ரத்து உரிமையை விட்டுக்கொடுத்து வாங்கும் தள்ளுபடி அது. இனி இதுபோன்ற திட்டம் வந்தால் முதலில் ரத்து நிபந்தனையைப் படியுங்கள், பிறகு விழுக்காட்டைப் பார்க்கலாம்.

செல்லுபடி நாட்கள்: இங்கேதான் பெரிய வித்தியாசம்

முன்பதிவு செய்த சாதாரண டிக்கெட் அந்தத் தேதியில் அந்த வண்டிக்கு மட்டும். நடுவில் இறங்கித் தங்க வேண்டுமானால் பிரேக் ஜர்னி விதி ஒன்று இருக்கிறது. டிக்கெட்டின் தூரம் 500 கி.மீ.க்கு மேல் இருந்தால் ஓரிடத்தில், 1,000-க்கு மேல் இருந்தால் இரண்டு இடங்களில் இறங்கலாம். முதல் 500 கி.மீ. கடப்பதற்குள் இறங்க முடியாது. ஓரிடத்தில் தங்குவது, வந்து சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் விட்டுவிட்டு, அதிகபட்சம் 2 நாள். சென்னை – டெல்லி டிக்கெட் எடுத்தவர் திங்கட்கிழமை நாக்பூரில் இறங்கினால் வியாழனன்று கிளம்பிவிட வேண்டும். ராஜ்தானி, சதாப்தி போன்ற வண்டிகளில் இந்த வசதியே இல்லை.

சர்குலர் டிக்கெட் இப்படி ஊருக்கு ஊர் நாளைக் கணக்குப் பார்ப்பதில்லை. மொத்தமாக ஒரு நாள் தொகுப்பைக் கொடுத்துவிடுகிறது. பயண நாட்கள் என்று 400 கி.மீ.க்கு ஒரு நாள், தங்கும் நாட்கள் என்று 200 கி.மீ.க்கு ஒரு நாள். மிச்சம் வரும் துண்டு தூரத்துக்கும் ஒரு முழு நாள். இரண்டையும் கூட்டினால் செல்லுபடிக் காலம்.

நம் சுற்றுக்குப் போடுவோம். 5,920-ஐ 400-ஆல் வகுத்தால் 14.8, அதாவது 15 நாள். 200-ஆல் வகுத்தால் 29.6, அதாவது 30 நாள். மொத்தம் 45 நாள். இந்த 45 நாட்களில் காசியில் பத்து நாள், ஆக்ராவில் ஒரே நாள் என்று உங்கள் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம். பிரேக் ஜர்னி விதியில் காசியில் பத்து நாள் என்பது நடக்காத காரியம்.

ஏழு தனி டிக்கெட்டுக்கு இந்தச் சிக்கலே கிடையாதே என்று தோன்றும். உண்மைதான். தனி டிக்கெட்டுகளுக்கு நடுவே எத்தனை மாதம் வேண்டுமானாலும் தங்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. எட்டு இடம் என்ற வரம்பும் அதற்கு இல்லை. சர்குலரில் மட்டும்தான் மொத்தப் பயணத்துக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. ஆனால் நடைமுறையில் இந்த 45 நாள் யாரையும் இறுக்குவதில்லை. இந்த ஊர்களை நிதானமாகப் பார்த்தாலும் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். இறுக்குவது வேறொன்று, அதற்குப் பிறகு வருகிறேன்.

வழியை வரைவது

முதலில் ஒரு தாளில் நிலையங்களை வரிசையாக எழுதுங்கள். வெறும் ஊர்ப் பெயர் போதாது, நிலையத்தின் பெயர் வேண்டும். மும்பை என்று எழுதினால் அது சிஎஸ்எம்டியா, மும்பை சென்ட்ரலா, லோக்மான்ய திலக் டெர்மினஸா? டெல்லியிலிருந்து மேற்கு ரயில்வே வழியாக மும்பை சென்ட்ரலில் இறங்கி, சென்னை வண்டியை சிஎஸ்எம்டியில் பிடிப்பதாகத் திட்டமிட்டால் நடுவே தண்டவாளச் சங்கிலி அறுந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் ஆக்ராவிலிருந்து போபால் வழியாகப் போவதற்கு அதுவே காரணம். பஞ்சாப் மெயில் ஆக்ராவைத் தொட்டு போபால் வழியாக நேரே சிஎஸ்எம்டிக்குப் போகிறது. அங்கிருந்தே சென்னைப் பக்கம் வண்டி ஏறலாம்.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அதே எச்சரிக்கை. சென்னை சென்ட்ரலில் ஏறினால், திரும்பும் வண்டியும் சென்ட்ரலுக்கு வருவதாகப் பார்த்து எடுப்பதே வம்பில்லாத வழி. சென்னையில் தொடங்கி மதுரையில் முடிக்கும் பயணம் சர்குலர் ஆகாது. மதுரைக்காரர் மதுரையிலேயே தொடங்கி மதுரையிலேயே முடிக்கட்டும். சென்னை வரை தனி டிக்கெட் எடுத்து, அங்கிருந்து சர்குலர் எடுப்பதைவிட அது மலிவு. போகவர இருக்கும் ஆயிரம் கிலோமீட்டரும் குறைந்த விலைப் படியில் சேர்ந்துகொள்ளும், செல்லுபடிக்கும் சில நாட்கள் கூடும்.

எந்த வண்டி என்பதையும் எழுத வேண்டும். ராஜ்தானி, சதாப்தி, துரந்தோ, வந்தே பாரத் போன்றவற்றுக்குக் கட்டணம் தனியாக நிர்ணயிக்கப்படுகிறது. சிலவற்றில் இடம் நிரம்ப நிரம்ப விலை ஏறவும் செய்யும். அவற்றை டெலஸ்கோபிக் கணக்குக்குள் கொண்டுவர முடியாது. எனவே மெயில், எக்ஸ்பிரஸ், சாதாரண சூப்பர்ஃபாஸ்ட் வண்டிகளை வைத்தே திட்டம் போடுங்கள். காசி – டெல்லிக்கு வந்தே பாரத்தில்தான் போவேன் என்கிறவருக்கு இந்த டிக்கெட் பொருந்தாது.

இறங்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். ஹௌரா, கயா, வாரணாசி, டெல்லி, ஆக்ரா, மும்பை என ஆறு. எட்டு வரை அனுமதி என்பதால் இன்னும் இரண்டு சேர்க்கலாம். போகும் வழியிலேயே இருக்கும் பிரயாக்ராஜையும் போபாலையும் இப்போதே எழுதிவிடுவது நல்லது. வழியில் இருக்கும் ஊர் என்பதால் தூரம் கூடாது, கட்டணமும் கூடாது. தனி டிக்கெட்டில் அதே இரண்டு இறக்கம் மேலும் இரண்டு டிக்கெட்டாக மாறி விலையைக் கூட்டியிருக்கும். ஆகவே நிறுத்தங்கள் கூடக்கூட சர்குலரின் லாபமும் கூடுகிறது.

வாங்கும் முறை

தயாராக அச்சடித்து வைத்த சுற்றுகளும் உண்டு. ஒவ்வொரு மண்டல ரயில்வேயும் பிரபலமான ஊர்களை இணைத்து, வழியும் கட்டணமும் முன்பே முடிவு செய்த ஸ்டாண்டர்டு சுற்றுகளை வைத்திருக்கிறது. விவரம் குறிப்பிட்ட சில நிலையங்களில் கிடைக்கும். உங்கள் திட்டம் அதில் ஒன்றோடு ஒத்துப்போனால் பாதி வேலை மிச்சம்.

சொந்தத் திட்டம் என்றால், வழியை எழுதிய தாளோடு தொடக்க நிலையம் எந்தக் கோட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சில பெரிய நிலையங்களில் நிலைய மேலாளரே இதைச் செய்து கொடுப்பார், எனவே முதலில் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். கோட்ட எல்லைகள் மாவட்ட எல்லைகளைப்போல் இருக்காது. கோயம்புத்தூர் நிலையம் சேலம் கோட்டத்தில் இருக்கிறது. நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் திருவனந்தபுரம் கோட்டம். பொள்ளாச்சி பாலக்காடு கோட்டம். ஓசூர் தெற்கு ரயில்வேயிலேயே இல்லை, தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் வருகிறது.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியவை அதிகமில்லை: பயணிகளின் பெயர், வயது, வகுப்பு, கிளம்பும் தேதி, நிலையங்களின் வரிசை, எந்தெந்த நிலையத்தில் தங்கப்போகிறீர்கள், எந்த வண்டி. அலுவலகம் தூரத்தைக் கூட்டி, கட்டணத்தையும் நாட்களையும் கணக்கிட்டு, உரிய படிவத்தில் நிலையத்துக்கு எழுதித் தரும். நீங்களும் கால அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்தின் தூரத்தையும் பார்த்து முன்கூட்டியே கூட்டி வைத்துக்கொண்டால், அவர்கள் தரும் எண்ணோடு ஒப்பிடலாம். பெரிய வித்தியாசம் வந்தால் அநேகமாக நீங்கள் நினைத்த வழி ஒன்று, அவர்கள் எடுத்துக்கொண்ட வழி வேறாக இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. டிக்கெட்டில் எழுதிய வழிதான் உங்கள் வழி.

படிவத்தைத் தொடக்க நிலையத்தின் டிக்கெட் கவுன்டரில் காட்டி சர்குலர் டிக்கெட்டை வாங்குகிறீர்கள். இத்தோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. கையில் இருப்பது பயணிக்கும் உரிமை மட்டும், அதில் படுக்கை எண் இல்லை. அந்த டிக்கெட்டோடு முன்பதிவு அலுவலகத்துக்குப் போய், ஒவ்வொரு கட்டத்துக்கும் விண்ணப்பப் படிவம் எழுதிக் கொடுத்து, முன்பதிவு டிக்கெட்டுகளை வாங்க வேண்டும். முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் இங்கே கட்டுவது. ஒரு படிவத்தில் 6 பேர் வரைதான் எழுத முடியும், எனவே குழுவாகப் போகிறவர்கள் ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவான நேரத்தில் போவது உத்தமம். ஏழு படிவத்தை நீட்டினால் பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பைக் கேட்க வேண்டிவரும்.

மூத்த குடிமக்கள் சலுகை பற்றிப் பலரும் பழைய நினைவில் கேட்கிறார்கள். முன்பு அது இந்த டிக்கெட்டோடும் சேர்ந்து பெரிய ஆதாயமாக இருந்தது. 2020 மார்ச்சில் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. பழைய வழிகாட்டிகளில் 40, 50 விழுக்காடு என்று இருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இறுக்கும் இடம்: அறுபது நாள்

முன்பதிவு 120 நாளுக்கு முன் திறந்த காலம் போய், 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன் என்று ஆகிவிட்டது. சுற்றுப் பயணக்காரருக்கு இது பெரிய தலைவலி.

பிப்ரவரி 2 அன்று சென்னையில் கிளம்பி, 22 அன்று மும்பையில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்துக்கு முன்பதிவு டிசம்பர் 4 அன்றே திறந்துவிடும். கடைசிக் கட்டத்துக்கு டிசம்பர் 24 அன்றுதான் திறக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட வேண்டுமென்றால் 24 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஹௌரா வண்டி இருபது நாளாகத் திறந்து கிடந்து நிரம்பியிருக்கலாம். முன்கூட்டியே டிக்கெட் வாங்கி, கட்டங்கள் திறக்கத் திறக்கக் கவுன்டருக்கு நடப்பது மாற்று வழி. அதற்கு அலைச்சல் தாங்க வேண்டும். தனி மின்-டிக்கெட் எடுப்பவர் காலை எட்டு மணிக்கு வீட்டில் இருந்தபடியே ஒவ்வொன்றாகப் போட்டுவிடுகிறார். கட்டண மிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய உண்மையான விலை இதுதான்.

நடுவழியில் ஒரு கட்டம் மட்டும் காத்திருப்புப் பட்டியலில் மாட்டிக்கொள்வதும் உண்டு. அவசரத்தில் தட்கலில் தனி டிக்கெட் எடுத்தால், ஏற்கெனவே சர்குலரில் பணம் கட்டிய அதே தூரத்துக்கு இரண்டாவது முறை, அதுவும் கூடுதல் விலையில் கட்டுகிறீர்கள். ஆக்ரா – மும்பை போன்ற நீண்ட கட்டத்தில் இப்படி நடந்தால் மொத்த மிச்சமும் ஒரே அடியில் போய்விடும். நீண்ட கட்டங்களுக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று வண்டிகளாவது இருக்கிறதா என்று பார்த்துத் தேதி வைப்பதும், காத்திருப்பு எண் பெரிதாக இருந்தால் அந்த ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி மறுநாள் வண்டியில் முன்பதிவு போடுவதும்தான் இதற்கு வழி. 45 நாள் செல்லுபடியில் 22 நாள்தான் திட்டமிட்டிருக்கிறீர்கள் என்பது இப்போதுதான் கைகொடுக்கிறது. டிக்கெட் காலாவதியாகாமல் ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போட இடம் இருக்கும்.

திட்டம் பாதியில் மாறக்கூடும் என்ற சந்தேகம் முதலிலேயே இருந்தால் தனி டிக்கெட்டுகளே மேல். அதில் ஒரு கட்டத்தை ரத்து செய்தால் அந்தக் கட்டத்தின் கணக்கு மட்டும் முடியும், மற்ற ஆறும் அப்படியே இருக்கும். சர்குலரில் எல்லாக் கட்டமும் ஒரே கட்டணத்தில் பின்னப்பட்டிருக்கிறது. வீட்டுப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு தேதி குறித்து, மாற்றமில்லாமல் போகும் காசி யாத்திரைக்கு அது பிரச்சினை இல்லை. அலுவலக விடுப்பு கிடைக்குமா கிடைக்காதா என்று இழுபறியில் இருப்பவருக்குப் பிரச்சினை.

கிளம்பும் முன் சர்குலர் டிக்கெட்டையும் முன்பதிவு டிக்கெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். வழி, வகுப்பு, பெயர்கள், கடைசித் தேதி ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். முன்பதிவுத் தாளோடு மூல டிக்கெட்டும் கடைசிக் கட்டம் வரை கையிலேயே இருக்கட்டும். டிக்கெட் பரிசோதகர் கேட்டால் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.